பாக்கி கேட்கும் மெயிலை எந்த வரியில் தொடங்குவது?

சப்ளை செய்த சரக்குக்குக் கெடு தாண்டியும் பணம் வரவில்லை. வாங்கிய கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒரு மெயில் போட வேண்டும். சிறு தொழில் நடத்துபவர்களுக்கு இதைவிட அடிக்கடி வரும் எழுத்து வேலை வேறு இருக்காது. இந்த மெயிலில் 'வணக்கம் சார்' என்பதற்கு அடுத்து வருகிற முதல் வரியை எப்படி எழுதலாம் என்பதற்குச் சில வழிகள் இருக்கின்றன. எது எப்போது வேலை செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மெயிலை ஆங்கிலத்தில் எழுதினாலும் கணக்கு மாறாது. உதாரணங்களை இங்கே தமிழிலேயே தருகிறேன்.

ஒரு கேஸை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு சின்ன பட்டறை. ஒரு பம்ப் கம்பெனிக்கு 400 பித்தளை புஷ், ஒன்று 500 ரூபாய் வீதம் செய்து கொடுத்திருக்கிறது. 2,00,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36,000, ஆக மொத்தம் 2,36,000. பில் எண் 147, தேதி மே 12. சரக்கும் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. பர்ச்சேஸ் ஆர்டரில் 45 நாள் தவணை, அதாவது ஜூன் 26. இன்று ஜூன் 27, பணம் வரவில்லை. இன்னொரு விவரமும் முக்கியம்: அந்தக் கம்பெனி சப்ளையர்களுக்கு மாதத்தில் இரண்டு நாள்தான் பணம் போடும், 10ஆம் தேதியும் 25ஆம் தேதியும்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது.

"தாங்களும் தங்கள் குழுவினரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்."

'ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்' என்று ஆங்கிலத்தில் எழுதுவதும் இதே சரக்குதான். இதற்குப் பின்னால் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. தபால் காலத்தில் 'இங்கு அனைவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்' என்று எழுதினோம். கடிதம் போய்ச் சேர நாட்கள் ஆகும், ஆளைப் பார்த்து மாதக்கணக்காகியிருக்கும், ஆகவே நலம் என்பதே அப்போது ஒரு செய்தி. பழைய ரோமானியர்களும் 'நீ நலமென்றால் நல்லது, நானும் நலம்' என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்கினார்கள். அது எவ்வளவு தேய்ந்துபோனது என்றால், கடைசியில் சொற்களை விட்டுவிட்டு வெறும் முதலெழுத்துகளாகவே சுருக்கி எழுதும் பழக்கம் வந்தது. பாக்கி கேட்கும் மெயிலில் இந்த வரி ஒரு தகவலும் தருவதில்லை. அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைப் பார்த்ததும் 'ஏதோ பேமென்ட் கேட்கிறார்கள்' என்று மட்டும் புரியும். எந்த பில் என்று புரியாது.

சேதம் எங்கே என்றால், போனில். மெயில் பெட்டியில் அனுப்பியவர் பெயர், பொருள் வரி, அதன் கீழே உள்ளே இருக்கும் எழுத்தில் ஒரு வரி மட்டும் தெரியும். தமிழ் எழுத்தில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் அதில் அடங்காது. அந்த ஐந்தாறு சொற்களில் நலம் விசாரித்து முடித்துவிட்டால், மெயிலைத் திறக்க அவருக்குக் காரணமே இல்லை. 'மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர் அவர்களுக்கு' என்று நீளமாக விளித்தாலும் இதே கதி. 'வணக்கம் சார்', 'வணக்கம் மேடம்' போதும். மரியாதை அதிலேயே முழுசாக வந்துவிடுகிறது.

நலம் விசாரிப்பதை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. அவர் ஆபரேஷன் முடிந்து திரும்பியிருக்கிறார், அவர்கள் பகுதியில் வெள்ளம் புகுந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால், உண்மையான விசாரிப்பாக ஒரு வரி எழுதுங்கள். ஆனால் அதைத் தனி மெயிலாகவோ போனிலோ செய்வது நல்லது. உடம்பைக் கேட்டுவிட்டு அடுத்த வரியில் பணத்தைக் கேட்டால், முதல் வரியும் பணத்துக்காக எழுதியதாகிவிடும்.

இரண்டாவது வழி அரசு அலுவலகக் கடிதத்திலிருந்து வந்தது. 'பொருள்', 'பார்வை' என்று இரண்டு தலைப்பு போட்டு, பிறகு தொடங்குவார்கள்.

"மேற்கண்ட பொருள் தொடர்பாக, பார்வையில் காணும் எங்கள் மெயிலின் மீது தங்கள் கவனம் ஈர்க்கப்படுகிறது."

கோப்பில் தாள் தாளாகக் கட்டி வைக்கிற இடத்தில் 'பார்வை' நல்ல ஏற்பாடு, முந்தைய கடிதம் அதே கோப்பில் நாலு தாள் கீழே இருக்கும். மெயிலில் படிப்பவர் அதைத் தேடிப் போக வேண்டும். தேடி எடுத்தால் அந்தப் பழைய மெயிலும் இன்னொரு மெயிலைப் பார்க்கச் சொல்லும். இதை நான் முழுசாகவே தள்ளிவிடுகிறேன். இதன் தம்பி ஒன்று உண்டு: 'ஜென்டில் ரிமைண்டர்.' அதில் மென்மையும் இல்லை, எதை நினைவூட்டுகிறது என்ற விவரமும் இல்லை. 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று தொடங்குவதும் அப்படித்தான். சரக்கு கொடுத்தவர், கெடு தாண்டிய பிறகு கேட்பவர், எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? அந்த வரி நியாயமான பாக்கியை ஒரு உதவி கேட்பதைப் போல ஆக்கிவிடுகிறது. உதவியென்றால் ஆறப்போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மூன்றாவது வழியில் கேட்க வேண்டியதை முதல் வரியிலேயே கேட்டுவிடுவார்கள்.

"பில் 147க்கான ரூ.2,36,000ஐ இந்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்."

நேராக விஷயத்துக்கு வா என்று சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சிபாரிசு செய்வார்கள். முந்தைய இரண்டையும்விட இது எவ்வளவோ மேல். பில் எண்ணும் தொகையும் கெடுவும் ஒரே வரியில் வந்துவிட்டன. இருந்தும் நம் கேஸில் முதல் மெயிலுக்கு இது சரியான வரி இல்லை. நான் இரண்டு பக்கத்திலும் வேலை பார்த்தவன், பில் பாஸ் செய்யும் மேசையிலும், பாக்கி கேட்கும் மேசையிலும். அதனால் அந்த மேசையில் இந்த வரி என்ன ஆகிறது என்று சொல்ல முடியும்.

மெயிலைப் படிக்கும் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்டுக்குப் பணம் போடும் அதிகாரம் கிடையாது. கம்பெனி 10ஆம் தேதியும் 25ஆம் தேதியும் மட்டும்தான் பணம் போடும். ஜூன் 26 தவணை, 25ஆம் தேதி ஓட்டத்தில் வராமல் ஒரு நாளில் தப்பிவிட்டது. அடுத்தது ஜூலை 10தான். 'வெள்ளிக்குள்' என்பதை அவரால் செய்ய முடியாது. செய்ய முடியாததைக் கேட்கும் மெயிலுக்குப் பதில் எழுதுவது சங்கடம், ஆகவே பதில் எழுதாமல் விட்டுவிடுவார். சோம்பல் என்று நினைக்க வேண்டாம். 'முடியாது' என்று எழுதினால் உங்களோடு வாக்குவாதம், 'சரி' என்று எழுதினால் மேலே திட்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் பேசாமல் இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறார்.

அவர் கையால் முடிகிற காரியங்கள் எவை? கம்ப்யூட்டரில் பில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது, எங்கே நிற்கிறது என்று சொல்வது, அடுத்த பட்டியலில் சேர்ப்பது. முதல் வரியில் கேட்பது இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அதிலிருந்துதான் நான்காவது வழி வருகிறது. ஜூன் 27 மெயிலுக்கு என் தேர்வு இதுதான்.

"பில் 147 (மே 12, ரூ.2,36,000) ஜூலை 10 பேமென்ட் பட்டியலில் இருக்கிறதா?"

இதற்கு 'இருக்கு சார்' அல்லது 'இல்லை சார்' என்று போனிலிருந்தே பதில் போட்டுவிடலாம். பணம் எப்போது வரும் என்று கேட்டால் அவர் யோசிக்க வேண்டும், மேலே கேட்க வேண்டும். பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டால் பார்த்தால் போதும். அடுத்த வரியில் மீதியைச் சொல்லலாம்: "தவணை ஜூன் 26ல் முடிந்தது. பட்டியலில் இல்லையென்றால் எங்கே நிற்கிறது என்று சொன்னால், எங்கள் பக்கம் செய்ய வேண்டியதை உடனே செய்துவிடுகிறோம்." அதற்குமேல் இந்த மெயிலில் எழுத ஒன்றும் இல்லை. பில் காப்பியை இணைத்துவிட்டு அனுப்பிவிடலாம்.

கம்பெனி என்றைக்குப் பணம் போடும் என்பது தெரியாவிட்டால்? ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லிவிடுவார்கள். அது தெரியாமல் எழுதும் மெயிலில் 'உடனடியாக', 'விரைவில்', 'ஆவன செய்யவும்' என்ற சொற்கள்தான் வந்து விழும்.

இந்த வரியில் இன்னொரு சௌகரியமும் உண்டு. அசிஸ்டென்ட் இதை ஸ்டோர்ஸுக்கோ பர்ச்சேஸுக்கோ மேனேஜருக்கோ அப்படியே தள்ளிவிடுவார். அங்கே படிப்பவருக்கு உங்களைத் தெரியாது, முந்தைய பேச்சும் தெரியாது. முதல் வரி தனியாக நின்றே அவருக்குப் புரிய வேண்டும். பில் எண், தேதி, தொகை மூன்றும் அந்த வரியில் இருந்தால் யாரிடம் போனாலும் வேலை நடக்கும். பொருள் வரியிலும் இதே எண் இருக்கிறதே, திரும்பவும் எதற்கு என்று தோன்றலாம். பொருள் வரி பதிலுக்குப் பதில் போகும்போது பழைய தலைப்போடு சிக்கிக்கொள்ளும், சிலர் ஆறு மாதத்துக்கு முந்தைய மெயிலிலேயே 'ரிப்ளை' அழுத்தி எழுதுவார்கள். எண் மட்டும் இரண்டு இடத்திலும் இருக்கட்டும்.

சரி, பதில் வருகிறது. "ஜிஆர்என் போடலைங்க சார், ஸ்டோர்ஸ்ல கேளுங்க."

வழக்கமான பதில் இது. சரக்கு உள்ளே வந்ததற்கு ஸ்டோர்ஸ் போட வேண்டிய பதிவுதான் ஜிஆர்என். அது ஏறாமல் பில் நகராது. பில் நிற்பதற்கு இன்னும் இரண்டு காரணங்களை அடிக்கடி பார்க்கலாம். பில்லில் இருக்கும் விலை பர்ச்சேஸ் ஆர்டர் விலையோடு ஒத்துப்போகாமல் இருக்கும். அல்லது நாம் ஜிஎஸ்டி ரிட்டர்னில் அந்த பில்லை ஏற்றாமல் விட்டிருப்போம். மே மாத பில் மாதாந்திரக் கணக்கில் ஜூன் 11க்குள் ஜிஎஸ்டிஆர் 1ல் ஏறியிருந்தால், ஜூன் 14ல் அவர்களுடைய ஜிஎஸ்டிஆர் 2பியில் தெரியும். அங்கே தெரியாவிட்டால் அவர்களால் வரி வரவு எடுக்க முடியாது, அதனால் பல கம்பெனிகள் பில்லையே நிறுத்திவைக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் எவ்வளவு நயமாகவோ கறாராகவோ எழுதினாலும் பணம் வராது. நம் ஆடிட்டரிடம் சொல்லி ரிட்டர்னைச் சரிசெய்தால்தான் வரும்.

காரணம் தெரிந்த பிறகு எழுதும் மெயிலுக்கு ஐந்தாவது வழி. தடையை நீக்கியதைச் சொல்லித் தொடங்குவது.

"பில் 147க்கு ஜிஆர்என் போட, உங்கள் செக்யூரிட்டி முத்திரையும் ஸ்டோர்ஸ் கையெழுத்தும் உள்ள மே 12 டெலிவரி சலானை இணைத்திருக்கிறேன்."

இது ஸ்டோர்ஸ் பொறுப்பாளருக்குப் போக வேண்டிய மெயில், அக்கவுண்ட்ஸுக்கு நகல். அடுத்த வரியில் 'ஜூலை 10 பட்டியல் மூடுவதற்குள் பதிவு ஏறிவிட்டால் நன்றாக இருக்கும், ஏறியதும் எண்ணை மட்டும் அனுப்புங்கள்' என்று கேட்டால் போதும். நான்காவது வழியையும் ஐந்தாவதையும் ஒப்பிட்டால், ஐந்தாவதுக்குத்தான் பலம் அதிகம். அது படிப்பவரின் வேலையைக் குறைக்கிறது. ஆனால் காரணம் தெரியாமல் அதை எழுத முடியாது. சலானையும் ஆர்டர் காப்பியையும் ரிட்டர்ன் விவரத்தையும் மொத்தமாக இணைத்து 'தேவையானதைப் பார்த்துக்கொள்ளவும்' என்று அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். எது தேவை என்று பிரித்துப் பார்க்கும் வேலை அப்போது அவர் தலையில் விழுகிறது. மெயில் மறுநாளுக்குத் தள்ளிப்போகிறது.

மூன்றாவது வழி, அதாவது கேட்பதை நேராகக் கேட்பது, இந்த இடத்துக்குப் பிறகுதான் சரியாக உட்காரும். ஜிஆர்என் ஏறிவிட்டது, விலை ஒத்துவிட்டது, தடை எதுவும் பாக்கியில்லை என்றால், 'பில் 147க்கான ரூ.2,36,000ஐ ஜூலை 10ல் போட்டுவிடுங்கள்' என்று முதல் வரியிலேயே எழுதலாம். அதை மறுக்கவோ தள்ளவோ இனி அவருக்குக் காரணம் கிடையாது.

ஜூலை 10ம் போய்விட்டது, பணம் வரவில்லை, பதிலும் இல்லை. அப்போதுதான் ஆறாவது வழியை எடுக்க வேண்டும், சட்டத்தை முதல் வரியில் வைப்பது.

"பில் 147க்கான 45 நாள் கெடு ஜூன் 26ல் முடிந்தது, ஜூலை 25க்குள் பணம் வராவிட்டால் எம்எஸ்எம்இ சட்டப்படி வட்டியும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும்."

இதற்குப் பின்னால் உண்மையான பலம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட தவணைக்குள் பணம் கொடுக்க வேண்டும், அந்தத் தவணை 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். சரக்கில் குறை என்று 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லாவிட்டால், டெலிவரி ஆன நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கணக்காகும். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. இதற்கு உங்களிடம் உத்யம் பதிவு இருக்க வேண்டும், அந்த எண் பில்லிலேயே இருந்தால் பேச்சே வராது.

இந்த வரியை யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன். அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்டுக்கு எழுதினால் அவர் பயந்து மேலே தள்ளுவார், மேலே இருப்பவர் லீகலுக்குத் தள்ளுவார், அங்கிருந்து பதில் வர வாரக்கணக்கில் ஆகும். ஃபைனான்ஸ் மேனேஜருக்கு நேராக, பர்ச்சேஸ் தலைவருக்கு நகலோடு எழுதினால் பெரும்பாலும் ஒரு போன் வரும். அடுத்த ஆர்டர் அவர்கள் கையில் இருக்கிறது என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். வருஷம் முழுக்க அவர்களுக்கே சப்ளை செய்கிற பட்டறை இதை எளிதில் எடுக்க முடியாது. அதற்காகவே ஜூன் 27 மெயிலிலேயே இந்த வரியை எழுதிவிடுவது தவறு என்கிறேன். அன்றைக்கு ஜிஆர்என் போடாததுதான் பிரச்சினை, அதற்குச் சட்டம் தேவையில்லை. எழுதும்போதும் தேதியும் விளைவும் மட்டும் போதும். 'பலமுறை நினைவூட்டியும் தாங்கள் கண்டுகொள்ளாதது வருத்தமளிக்கிறது' என்ற வரியை முன்னால் போட்டால், படிப்பவர் பணத்தை விட்டுவிட்டு, தான் கண்டுகொண்டேனா இல்லையா என்பதைத்தான் விவாதிப்பார்.

இந்த ஆறையும் போனில் பேசுவதோடும் ஒப்பிட வேண்டும். போனில் காரணம் சீக்கிரம் தெரியும், மெயிலில் தேதி பதிவாகும். ஆகவே காரணத்தைப் போனில் கேட்டுவிட்டு, அதையே முதல் வரியாக வைத்து மெயில் போடுவது பல சமயம் நேரத்தை மிச்சப்படுத்தும்: "இப்போது போனில் சொன்னபடி, பில் 147க்கு ஜிஆர்என் நாளைக்குள் போடுவதாக ஸ்டோர்ஸ் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்." இதில் கேள்வி இல்லை, கோரிக்கையும் இல்லை. ஆனால் பேச்சு எழுத்தில் வந்துவிடுகிறது, நாளைக்கு யாரும் மறுக்க மாட்டார்கள்.

பணம் வந்த பிறகும் ஒரு மெயில் உண்டு. நம் கேஸில் ஜூலை 25ல் 2,32,460 ரூபாய் வந்தது என்று வையுங்கள். 3,540 குறைகிறது. ஒரு புஷ் வரியோடு 590 ரூபாய், ஆகவே ஆறு புஷ்ஷைக் கழித்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். 'பணம் அனுப்பியமைக்கு மனமார்ந்த நன்றி' என்று ஆரம்பித்தால் குறைந்த தொகையை ஒப்புக்கொண்டதைப் போல ஆகிவிடும். 'ஏன் குறைத்தீர்கள்' என்று ஆரம்பித்தால் சண்டை. "பில் 147க்கு ரூ.2,32,460 வந்தது, நன்றி, மீதி ரூ.3,540 ஆறு புஷ்ஷுக்கான ரிஜெக்‌ஷன் என்றால் டெபிட் நோட் அனுப்புங்கள், இல்லையென்றால் ஆகஸ்ட் 10 பட்டியலில் சேர்த்துவிடுங்கள்." டெபிட் நோட் வந்தால் நாம் கிரெடிட் நோட் போட்டு ஜிஎஸ்டி கணக்கையும் சரிசெய்ய வேண்டும், அந்த ஆறு புஷ்ஷையும் திருப்பி வாங்கி எங்கே அளவு தப்பியது என்று பார்க்க வேண்டும்.